நடுவில் வாங்கியது எவ்வளவு?

அன்புள்ள மகளிர் குழுத் தோழிகளுக்கு,

போன கூட்டத்தில் சேமிப்புப் பணம் கட்டி முடித்ததும் பேச்சு வீட்டுச் செலவின் பக்கம் திரும்பியது. “இருபதாம் தேதிக்கு மேல கை கடிக்குது, எங்க போகுதுன்னே தெரியல” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினோம். காரணத்தையும் ஒரே குரலில் சொன்னோம்: விலைவாசி. சிலிண்டர் ஏறிவிட்டது, தேங்காய் எண்ணெயைத் தொட முடியவில்லை, தக்காளி ஒரு நாள் இருக்கிற விலையில் மறுநாள் இல்லை.

விலை ஏறியது உண்மைதான். ஆனால் கை கடிப்பதற்கு விலை மட்டும்தான் காரணமா என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகு நம் குழுவில் ஒருவர் தன் வீட்டு நோட்டை என்னிடம் கொடுத்து, “நீங்கதான் குழு கணக்கு எழுதுறீங்க, இதையும் கொஞ்சம் பாருங்க” என்றார். பெயர் சொல்லாமல் மற்றவர்களுக்கும் சொல்லலாம் என்று அனுமதியும் தந்தார். அந்த நோட்டில் கண்டதைத்தான் எழுதுகிறேன். அவர் வீடு நம்மில் பலருடைய வீடு போலத்தான்: கணவர், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், சென்னையில் வாடகை வீடு.

முதலில் எந்த இரண்டு மாதங்களை ஒப்பிடுவது என்று பார்க்க வேண்டும். பிப்ரவரியை எடுத்தால் அதற்கு 28 நாள்தான். அடுத்து எந்த மாதத்தை வைத்தாலும் செலவு ஏறியது போலத் தெரியும். பொங்கல், தீபாவளி, வீட்டு விசேஷம் வந்த மாதமும் ஒப்பிட உதவாது. அதனால் 2025 மார்ச்சையும் ஜூலையையும் எடுத்தோம். இரண்டுக்கும் 31 நாள். இரண்டிலும் அவர் வீட்டில் பெரிய பண்டிகை இல்லை. மார்ச்சில் கேஸ், பால், காய்கறி, மளிகை நான்கும் சேர்ந்து 8,465 ரூபாய். ஜூலையில் 10,106. நான்கு மாதத்தில் 1,641 ரூபாய் கூடியிருக்கிறது. வீட்டில் புதிதாக ஒருவரும் வரவில்லை. பெரிதாக எதுவும் வாங்கவுமில்லை.

கேஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாம் அதிகம் புலம்புவதும் தப்பாகக் கணக்கிடுவதும் அதைத்தான். சிலிண்டர் மாதக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஒரு மாதம் சிலிண்டர் வராது; “இந்த மாசம் பரவால்ல” என்று நினைப்போம். அடுத்த மாதம் வந்ததும் மொத்தத் தொகையும் அந்த மாதத் தலையில் விழும். இரண்டு சிலிண்டர் இணைப்பு இருந்தால் இன்னும் குழப்பம்: வீட்டுக்கு வந்த தேதி ஒன்று, அடுப்பில் மாட்டிய தேதி வேறு. எனவே நோட்டில் எழுத வேண்டியது பணம் கொடுத்த தேதியை அல்ல. ரெகுலேட்டரை மாட்டிய தேதி, தீர்ந்து கழற்றிய தேதி, இரண்டையும்தான். காலண்டர் தாளில் ஒரு ‘மா’, ஒரு ‘தீ’ போட்டாலே போதும்.

அந்தத் தோழி காலண்டரில் அப்படிக் குறித்து வைத்திருந்தார். பிப்ரவரி 20 அன்று மாட்டிய சிலிண்டர் ஏப்ரல் 5 அன்று தீர்ந்தது. 44 நாள். ஜூன் 28 அன்று மாட்டியது ஆகஸ்ட் 3 அன்று தீர்ந்தது. 36 நாள். இரண்டுக்கும் நடுவில், 2025 ஏப்ரலில், சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறியது, சென்னையில் 818.50 ரூபாயாக இருந்தது 868.50 ஆனது. இனி விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். முன்பு ஒரு நாளைக்கு 18 ரூபாய் 60 பைசா. பிறகு 24 ரூபாய் 12 பைசா. நாளொன்றுக்கு ஐந்தரை ரூபாய் கூடியிருக்கிறது.

அந்த ஐந்தரையில் விலை ஏற்றத்தின் பங்கு என்ன? 50 ரூபாயை 44 நாளால் வகுத்தால் 1 ரூபாய் 14 பைசா. மீதி நாலு ரூபாய்க்கு மேல் சிலிண்டர் எட்டு நாள் முன்னதாகத் தீர்ந்ததால் வந்தது. 50 ரூபாய் ஏறிய செய்தி தொலைக்காட்சியில் வந்தது, அதனால் நம் எல்லோருக்கும் தெரியும். எட்டு நாள் குறைந்ததை யாரும் வந்து சொல்லப் போவதில்லை. பெரிய பங்கு அதில்தான் போயிருக்கிறது.

சீக்கிரம் தீர்ந்தால் நாம் முதலில் நினைப்பது எடை குறைவு என்று. அதைச் சோதித்துவிடலாம். வீட்டுச் சிலிண்டரில் இருக்க வேண்டிய கேஸ் 14.2 கிலோ. காலி உருளையின் எடை ஒவ்வொன்றுக்கும் வேறுபடும்; அது உருளையின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையில் எழுதியிருக்கும். அங்கே 15.8 என்று இருந்தால் நிரம்பிய சிலிண்டர் 30 கிலோ இருக்க வேண்டும். கொண்டு வருகிறவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அடுத்து கசிவு: ரப்பர் குழாயிலும் ரெகுலேட்டர் மூட்டிலும் சோப்பு நுரையைத் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி கிளம்பும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மூன்றாவது பர்னர். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியேறினால் துளைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள். குக்கர் கேஸ்கட் தளர்ந்து பக்கவாட்டில் ஆவி போனாலும் விசிலுக்காகக் காத்துக் காத்து கேஸ் வீணாகும்.

இந்த வீட்டில் எல்லாவற்றையும் பார்த்தார்கள். எடை சரி. கசிவு இல்லை. தீ நீலம். அப்படியானால் அடுப்பு முன்பைவிட அதிக நேரம் எரிகிறது. மார்ச்சைவிட ஜூலையில் எதற்காக அதிகம் எரிய வேண்டும்? கேஸ் பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. பால் பக்கத்தில் இருந்தது.

பாலில் நமக்கு ஒரு வசதி. அந்த மாதங்களில் ஆவின் நீல பாக்கெட்டின் விலை மாறவே இல்லை. அரை லிட்டர் 20 ரூபாய்தான். ஆகவே பால் செலவு ஏறியிருந்தால் அது முழுக்க அளவில் வந்த ஏற்றம். இவர்கள் வீட்டுக்குக் காலையில் பால் போடுகிறவர் தினமும் இரண்டு பாக்கெட் போடுகிறார். 31 நாளுக்கு 1,240 ரூபாய், இரண்டு மாதத்திலும் அதேதான். மாத முடிவில் அவரிடம் ஒரே தொகையாகக் கொடுப்பதால், “பால் 1,240” என்றே மனதில் பதிந்திருந்தது. ஆனால் முனைக் கடையில் அவ்வப்போது வாங்கிய பாக்கெட் அந்தக் கணக்கில் சேரவில்லை. குளிர்பதனத்துக்கென்று கடைக்காரர் இரண்டு ரூபாய் சேர்த்து 22 வாங்குகிறார். மார்ச்சில் அப்படி 4 பாக்கெட், 88 ரூபாய். ஜூலையில் 19 பாக்கெட், 418 ரூபாய். வித்தியாசம் 330.

இந்த 19 பாக்கெட்டும் எப்படித் தெரியவந்தது என்பது முக்கியம். தோழி ஜிபேயில் பணம் கட்டுகிறவர். கைபேசியில் 22, 44, 62, 107 என்று தொகைகள் இருந்தன; எந்தக் கடை என்றும் இருந்தது. என்ன வாங்கினார் என்பது மட்டும் இல்லை. 107 ரூபாயில் பால் இருந்ததா, பிஸ்கட் இருந்ததா? நோட்டில் “பால் 1” என்று எழுதியிருந்ததால்தான் எண்ண முடிந்தது. பணம் மட்டும் எழுதிய கணக்கு, செலவு ஏறியது என்று சொல்லும். எதனால் ஏறியது என்று சொல்லாது. அளவையும் எழுதினால்தான் விலையையும் உபயோகத்தையும் பிரிக்க முடியும்.

அந்த 19 பாக்கெட்டுக்கும் தேதி போட்டிருந்தார். வரிசையாகப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பெரும்பாலும் பள்ளி நாட்கள், அதுவும் சாயங்காலம். அங்கேதான் அவருக்குப் பளிச்சென்று பட்டது. மூத்த பையன் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போனான். பள்ளி முடிந்து சிறப்பு வகுப்பு. வீட்டுக்கு வரவே ஆறு மணிக்கு மேல் ஆகிறது. மார்ச்சில் நாலரைக்கு வந்து காலையில் மீந்த இட்லியையோ ஒரு வாழைப்பழத்தையோ சாப்பிட்டுவிட்டு விளையாடப் போனவன், இப்போது பசியோடு வருகிறான். அவனுக்கு ஒரு டம்ளர் சத்துமாவுப் பால், கூடவே ஏதாவது டிபன். அவன் சாப்பிடும்போது தங்கைக்கும் ஒரு தோசை. அலுவலகத்திலிருந்து வரும் கணவருக்கும் இன்னொரு காபி. அடுப்பு மறுபடி மூட்டப்படுகிறது, பால் மறுபடி காய்ச்சப்படுகிறது. கேஸ் எட்டு நாள் குறைந்ததற்கு விடை கிடைத்துவிட்டது.

கேஸ் ஏறியது, பால் ஏறியது என்று தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பிரச்சினைகள். தேதியை வைத்துச் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் புதிதாக ஒரு வேளைச் சாப்பாடு நுழைந்திருக்கிறது. யாரும் உட்கார்ந்து “இனி சாயங்காலமும் டிபன்” என்று முடிவு செய்யவில்லை. ஒரு நாள் நடந்தது, மறுநாளும் நடந்தது, ஜூலைக்குள் வழக்கமாகிவிட்டது.

மளிகையில் அதே தடம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மளிகைச் செலவை ஒரே தொகையாக எழுதாதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள். மாத ஆரம்பத்தில் பட்டியல் போட்டு வாங்குவது ஒன்று. அதற்குப் பிறகு நடுவில் வாங்குவது மற்றொன்று. இந்த வீட்டில் மார்ச் மாதப் பட்டியல் 4,200 ரூபாய், ஜூலைப் பட்டியல் 4,310. நூற்றுப் பத்து ரூபாய்தான் வித்தியாசம். நடுவில் வாங்கியது மார்ச்சில் 460 ரூபாய், ஜூலையில் 1,190.

பட்டியலில் 110 ரூபாய்தான் ஏறியது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை கண்ணில் நீர் வரும் அளவுக்கு ஏறியது. அதே ஆண்டு துவரம் பருப்பு விலை இறங்கியது. ஏறியதை நாம் ஊரெல்லாம் சொல்கிறோம், இறங்கியதைக் கவனிப்பதே இல்லை. இரண்டும் பட்டியலுக்குள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிவிட்டன. இன்னொன்றையும் கவனியுங்கள்: அதே விலைக்கு வாங்கும் பாக்கெட்டில் எடை குறைந்திருக்கலாம். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும்; பக்கத்திலேயே 850, 800 என்று அதே உயரத்தில் பாக்கெட் நிற்கும். 2022-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி பாக்கெட்டின் மேல் ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்பதும் அச்சிடப்படுகிறது. இரண்டு பாக்கெட்டை ஒப்பிட அந்தச் சின்ன எழுத்து போதும். நோட்டில் “எண்ணெய் 1 பாக்கெட்” என்று எழுதாமல் “850 கிராம்” என்று எழுதினால், அது சீக்கிரம் தீர்ந்ததற்கு மாமியாரின் கை தாராளம் என்று நினைக்க மாட்டீர்கள்.

ரேஷன் பொருளையும் விடாமல் எழுதுங்கள். ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு மாதம் போக முடியாமல் தவறினாலோ, சரக்கு வரவில்லை என்றாலோ அதே பருப்பை வெளியில் பல மடங்கு விலைக்கு வாங்குவோம். அப்போது மளிகை ஏறியதாகத் தெரியும். உண்மையில் ரேஷன்தான் தவறியிருக்கும். இந்த வீட்டில் இரண்டு மாதமும் ரேஷன் வாங்கியிருந்ததால் அந்தச் சந்தேகம் இல்லை.

இனி நடுவில் வாங்கிய 1,190 ரூபாய். அதில் 450 ரூபாய் இட்லி மாவு: கிலோ 50 ரூபாய்க்கு ஒன்பது பாக்கெட். மார்ச்சில் ஒரு பாக்கெட்கூட இல்லை. வீட்டில் கிரைண்டர் இருக்கிறது. ஞாயிறு அரைக்கிற மாவு முன்பு வியாழன் வரை வந்தது, இப்போது சாயங்காலத் தோசையால் செவ்வாயோடு தீர்ந்துவிடுகிறது. அதே அளவு அரிசியும் உளுந்தும்தான் ஊற வைக்கிறார், ஏனென்றால் அந்த அளவு பல வருடப் பழக்கம். மீதியில் நூடுல்ஸ், ரவை, சேமியா, பிஸ்கட், முட்டை.

கடை மாவின் விலையையும் பிரித்துப் பார்த்தோம். ஒரு கிலோ மாவில் கிட்டத்தட்ட அறுநூறு கிராம் தண்ணீர். மீதி நானூறு கிராமுக்குள் அரிசியும் உளுந்தும். நாலுக்கு ஒன்று என்று வைத்தால், நல்ல இட்லி அரிசியே வாங்கினாலும் வீட்டில் இருபத்தைந்து ரூபாய் அளவில் முடிந்துவிடும். ரேஷன் அரிசி கலந்தால் இன்னும் குறையும். கடையில் 50. கடை மாவு வாங்குவது தப்பு என்று சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த இருபத்தைந்து ரூபாய் நேரத்துக்கான கூலி. தெரிந்து கொடுத்தால் சரி. இவர் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் கிரைண்டர் எப்படியும் ஞாயிறு ஓடத்தான் செய்கிறது; அரைப்படி கூடப் போட்டால் போதும்.

காய்கறிதான் எழுதச் சிரமமானது. கறிவேப்பிலை ஒரு கொத்து, கொத்தமல்லி பத்து ரூபாய்க்கு, அரைக் கிலோ கேரட், பேரம் பேசி மூன்று ரூபாய் குறைத்தது என்று எழுதிக்கொண்டிருந்தால் இரண்டாம் வாரமே நோட்டை மூடிவிடுவோம். அதனால் ஒவ்வொரு காயையும் எழுத வேண்டாம். ஞாயிறு மார்க்கெட்டில் எவ்வளவு, வாரநாளில் தள்ளுவண்டியிலும் முனைக் கடையிலும் எவ்வளவு என்று இரண்டே கணக்கு போதும். கூடவே ஒரு வேலை: மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன் பிரிட்ஜைத் திறந்து, குப்பைக்குப் போகப் போகிறதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் ஞாயிறு ஐந்து வந்தது. ஒரு முறைக்குச் சராசரி 340 ரூபாய், மொத்தம் 1,700, தள்ளுவண்டியில் 200. ஜூலையில் ஞாயிறு நாலுதான். ஒரு முறைக்கு 370, மொத்தம் 1,480, தள்ளுவண்டியில் 720. முறைக்கு 30 ரூபாய் ஏறியது விலை. மார்க்கெட்டுக்கு ஒரு முறை குறைவாகப் போயும் மொத்தச் செலவு 300 ரூபாய் கூடியதற்குக் காரணம் தள்ளுவண்டி. அங்கே என்ன வாங்கினார்? அநேகமாகத் தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய். தோசைக்குச் சட்னி வேண்டுமே. அதே மாதம் குப்பைக்குப் போனது என்ன? வாடிய கத்தரிக்காய், முற்றிய வெண்டைக்காய், கால் பூசணி. சாயங்காலச் சாப்பாடு வந்த பிறகும் மார்க்கெட் பை மட்டும் பழைய பையாகவே இருந்திருக்கிறது. சட்னிக்கு வேண்டியது போதவில்லை, குழம்புக்கு வாங்கியது மிஞ்சியது.

இப்போது மொத்தத்தையும் சேர்ப்போம். 1,641 ரூபாய் ஏற்றத்தில் விலைவாசியின் பங்கு: கேஸில் அந்த மாதத்துக்கு 35 ரூபாய், பாலில் ஒன்றுமில்லை, மார்க்கெட்டில் 120, மளிகைப் பட்டியலில் 110. ஆக 265 ரூபாய். மீதி 1,376 ரூபாயும் எவ்வளவு உபயோகிக்கிறோம், எங்கே வாங்குகிறோம் என்பது மாறியதால் வந்தது. ஆறில் ஒரு பங்குதான் விலை. எல்லா வீட்டிலும் இதே விகிதம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். தக்காளி கிலோ நூறைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்த 2023 ஜூலை போன்ற ஒரு மாதத்தை எடுத்தால் கணக்கு வேறு மாதிரி வரும். பிரித்துப் பார்க்காமல் எது எவ்வளவு என்று தெரியாது என்பதுதான் விஷயம்.

அந்தத் தோழி என்ன செய்தார் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் “சாயங்கால டிபனை நிறுத்து” என்பது பதிலே இல்லை. வளர்கிற பையன் பசியோடு வருகிறான். அவர் மாற்றியது நாலு விஷயம். பால் போடுகிறவரிடம் பள்ளி நாளில் மூன்றாவது பாக்கெட்டும் சொல்லிவிட்டார். ஆவின் மாத அட்டை கிடைத்தால் அதில் இன்னும் குறையும் என்று அதற்கும் விசாரிக்கிறார். காலையிலேயே எல்லாப் பாலையும் ஒன்றாகக் காய்ச்சி, சாயங்காலத்துக்கு வேண்டியதைப் பிரிட்ஜில் வைத்து, டம்ளர் அளவுக்கு மட்டும் சூடு பண்ணுகிறார். ஞாயிறு மாவைக் கூட அரைக்கிறார். மார்க்கெட்டில் தக்காளி, வெங்காயத்தைத் தலைக்கு ஒரு கிலோ கூட்டி, கத்தரியையும் வெண்டையையும் பாதியாக்கினார்.

இதனால் 1,376 ரூபாயும் திரும்பி வந்துவிடாது. மூன்றாவது பாக்கெட்டைப் பால்காரரிடமே வாங்குவதால் மாதம் முப்பது, நாற்பது ரூபாய்தான் மிச்சம். மாவில் 225. காய்கறியில் இருநூறு அளவில் எதிர்பார்க்கலாம். கேஸில் எத்தனை நாள் திரும்பி வரும் என்பது அடுத்த சிலிண்டர் தீரும்போது தெரியும். சேர்த்துப் பார்த்தால் ஐந்நூறுக்குப் பக்கம். மீதி தொள்ளாயிரம் ரூபாய் பையனின் பத்தாம் வகுப்புக்கு ஆகிற செலவு. டியூஷன் பீஸ் போல அதுவும் ஒரு செலவு. முன்பு அது பால், கேஸ், மாவு, சட்னி என்று சிதறிக் கிடந்ததால் கண்ணில் படவில்லை. இப்போது நோட்டில் “சாயங்காலம் – 900” என்று தனி வரி. கணவரும் பார்த்தார். வேறு எதைத் தள்ளிப் போடலாம் என்று இருவரும் பேசி, மாதக் கடைசியில் அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்குவதை நிறுத்தப் பார்க்கிறார்கள்.

நீங்களும் எழுதிப் பார்க்க நினைத்தால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, பொருள், அளவு, தொகை, எங்கே என்று ஐந்து கட்டம். கடைக்குப் போய் வந்தவரே எழுத வேண்டும்; ராத்திரி நினைவிலிருந்து எழுதினால் சின்னத் தொகைகள்தான் முதலில் விட்டுப்போகும், நமக்கு வேண்டியதும் அவைதான். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையோடு “என்ன, எவ்வளவு” என்று கேட்டு எழுதுங்கள். சிலிண்டர் கொண்டு வருபவருக்குப் பில் தொகைக்கு மேல் கொடுக்கிற பணத்தையும் கேஸ் கணக்கிலேயே எழுதுங்கள். பில்லில் வீட்டுக்குக் கொண்டு வரும் கட்டணமும் சேர்ந்தேதான் இருக்கிறது. மேலே கொடுப்பது நம் விருப்பம்.

ஒரு மாதம் இப்படி எழுதினால் நம் வீட்டு வழக்கம் தெரியும். இரண்டாவது மாதம் ஒப்பிடக் கிடைக்கும். ஆனால் இரண்டு மாதத்தில் கண்டதை உடனே நம்பிவிடக் கூடாது; விருந்தினர் வந்த வாரம், காய்ச்சலில் படுத்து வெளியே வாங்கிச் சாப்பிட்ட வாரம் எல்லாம் கணக்கைக் கலைத்துவிடும். அந்த நாட்களின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து ஒதுக்கிவிடுங்கள். மூன்றாவது மாதமும் அதே இடத்தில் ஏறியிருந்தால் அது வழக்கமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். சிலிண்டர் மாட்டிய தேதி, கடையில் தனியாக வாங்கிய பால் பாக்கெட், நடுவில் வாங்கிய மளிகை, தள்ளுவண்டிக் காய் ஆகிய நாலை மட்டும் எழுதினால் போதும். மாதத்துக்கு ஒரு பக்கம்கூட வராது. செலவு வழி மாறுகிறபோது முதலில் இந்த நாலில்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சில வீடுகளை நினைத்துத்தான். இந்த நோட்டு வீட்டுப் பெண்ணை நிற்கவைத்துக் கேள்வி கேட்பதற்கான சாட்சி இல்லை. “ஏன் பத்தொன்பது பாக்கெட்?” என்று அதட்டினால் அடுத்த மாதம் நோட்டில் பத்துதான் இருக்கும், வீட்டுக்கு வந்தது பத்தொன்பதாகவே இருக்கும். அப்படி எழுதின கணக்கு யாருக்கும் பயன்படாது. வெளியே டீ குடிக்கிற, பெட்டிக் கடையில் செலவழிக்கிற கணவரின் சில்லறையும் அதே நோட்டில் வந்தால் பேச்சு சமமாக இருக்கும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது இரண்டு விஷயம் மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் சிலிண்டர் மாட்டிய, தீர்ந்த தேதிகள். நடுவில் வாங்கிய மளிகையின் மொத்தம். வீட்டில் எத்தனை பேர் என்றும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டால் போதும். நான்கு பேர் வீட்டில் ஒருவருக்கு 45 நாளும் இன்னொருவருக்கு 32 நாளும் வந்தால், எடை, தீ, குக்கர், எத்தனை வேளை அடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கலாம். குழுவிலிருந்து உள்கடன் கேட்கும்போது “வீட்டுச் செலவுக்கு” என்று எழுதுகிறோமே, அதில் எவ்வளவு உண்மையில் விலைவாசி, எவ்வளவு நடுவில் வாங்கியது என்று தெரிந்தால், எவ்வளவு கடன் வேண்டும் என்பதையும் சரியாகக் கேட்க முடியும்.

அன்புடன்,
குழுவின் கணக்கு நோட்டு எழுதும் உங்கள் தோழி